நிருபர் கேட்கும் முன்பே எடுத்து வையுங்கள்

மாலை ஐந்து மணி. உங்கள் கடையைப் பற்றி நாளை நாலு பத்தி போடலாம் என்று ஒரு நிருபர் அழைக்கிறார். "லோகோ அனுப்புங்க, கடையைப் பத்தி ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, முன்னாடி எதுலயாவது வந்திருக்கா?" என்று கேட்கிறார். ஏழு மணிக்குப் பக்கத்தை முடிக்க வேண்டும். தேடி எடுப்பதற்குள் அந்த இடம் வேறு செய்திக்குப் போய்விடும். இந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலை முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் ஊடகக் கோப்பு (செய்தியாளருக்குக் கொடுப்பதற்கான தொகுப்பு).

பெரிய நிறுவனங்களுக்குத்தானே இதெல்லாம் என்று தோன்றலாம். அங்கே பதில் சொல்வதற்கென்றே ஆள் இருக்கிறார். சிறு தொழிலில் முதலாளியே கல்லாவிலும் இருப்பார், அதனால் உங்களுக்குத்தான் இது கூடுதல் தேவை. காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

அறிமுகத்தில் என்ன எழுதுவது?

யார், எங்கே, எப்போதிலிருந்து, என்ன செய்கிறீர்கள், மற்றவர்களிடமிருந்து எதில் வேறு என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும். "நாங்கள்" என்று எழுதாமல், நிருபர் எழுதுவதுபோலவே எழுதுங்கள். அவர் அப்படியே எடுத்துப் போட முடியும். இதோ மாதிரி:

"காங்கேயத்தில் 2016 முதல் இயங்கும் மரச்செக்கு எண்ணெய்க் கடை இது. கணவனும் மனைவியும் நான்கு பணியாளர்களுடன் நடத்துகிறார்கள். மூன்று வாகை மரச்செக்குகளில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார்கள். எள்ளையும் நிலக்கடலையையும் சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் தேங்காய்ப் பருப்பையும் கூலிக்கு ஆட்டித் தருகிறார்கள்."

இதில் "தரமான", "பாரம்பரியமிக்க", "நம்பர் ஒன்" என்ற சொற்கள் இல்லை. போட்டால் உதவி ஆசிரியர் முதலில் அவற்றைத்தான் அடிப்பார். மூன்று செக்கு, 2016, நான்கு பணியாளர்கள் என்பவற்றை அடிக்கமாட்டார், ஏனென்றால் அவை தகவல்கள். இதையே ஒரே வரியில் சுருக்கியும் ஒன்று வையுங்கள். படத்தின் கீழே போட அது உதவும்.

உணவுப் பொருள் விற்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்பதுபோல எழுதாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. நீங்கள் எழுதிக் கொடுத்தது அச்சில் வந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

எந்த வடிவத்தில் கொடுப்பது?

தமிழ் அறிமுகத்தைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுக்காதீர்கள். அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம்மாறிச் சொற்கள் சிதைவது வழக்கம். யூனிகோடில் (எல்லாக் கணினியும் போனும் படிக்கும் பொதுவான எழுத்து முறை) தட்டச்சு செய்த சாதாரண வேர்டு கோப்பே நல்லது. உரிமையாளரின் பெயரை இனிஷியலோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். தவறான எழுத்துக்கூட்டலோடு ஒருமுறை அச்சேறினால் அடுத்தடுத்த செய்திகளிலும் அது தொடரும்.

லோகோ போனில் இருக்கிறதே, போதாதா?

பெரும்பாலும் போதாது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுவான கணக்கு. பத்து சென்டிமீட்டர் அகலப் படம் என்றால் ஏறக்குறைய நான்கு அங்குலம், அதாவது 1,200 புள்ளி அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும், ஓரங்கள் மங்கும். "டாகுமென்ட்" என்ற வழியில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

மூன்று கோப்புகள் வைத்திருங்கள். முதலாவது .svg அல்லது .pdf வடிவிலான கோட்டு வரைவு (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம்). இரண்டாவது, பின்னணி இல்லாத .png. மூன்றாவது, கறுப்பு ஒற்றை நிறத்தில் ஒன்று, ஏனென்றால் நாளிதழின் எல்லாப் பக்கமும் வண்ணத்தில் வருவதில்லை.

லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால், அதைக் கோடுகளாக மாற்றித் தரச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். மாற்றாவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கடையின் பெயர் வேறு எழுத்தில் வரும், அல்லது வெறும் கட்டங்களாகத் தெரியும்.

காசு கொடுத்து வரைந்த லோகோ நம்முடையதுதானே? வெளியாள் வரைந்தது என்றால், எழுதி வாங்காதவரை அதன் பதிப்புரிமை அவரிடமே இருக்க வாய்ப்புண்டு. எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். வட்டத்துக்குள் ஆர் போட்ட ® குறியை, வணிகச் சின்னமாகப் பதிவான பிறகுதான் பயன்படுத்தலாம்.

பழைய செய்திகளை எப்படித் தொகுப்பது?

செய்தியை மட்டும் கத்தரித்து வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அப்படிச் செய்தால் தேதியும் இதழின் பெயரும் குப்பைக்குப் போய்விடும். முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள், தாள் பழுக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இதழின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம், தலைப்பு என்று ஒரு பட்டியல் போடுங்கள். பதிப்பு முக்கியம். கோவைப் பதிப்பில் வந்த உள்ளூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்காது, தேடுபவருக்குக் கிடைக்காது.

ஸ்கேன் செய்ததை எல்லோருக்கும் கொடுக்கலாமா? செய்தியும் படமும் பொதுவாக இதழுக்கு உரியவை. உங்களைப் பற்றி எழுதியதால் அவை உங்களுடையவை ஆகிவிடாது. பட்டியலை யாருக்கும் கொடுக்கலாம். முழுச் செய்தியின் நகலையோ, இதழின் லோகோவையோ உங்கள் விளம்பரத்தில் போடுவதற்கு முன் அவர்களிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள்.

இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். பணம் கட்டிச் சிறப்பிதழில் போட்டது விளம்பரம், அதைச் செய்திப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அடுத்தது மேற்கோள். "எங்கள் எண்ணெயில் கலப்படமே இல்லை" என்று நீங்கள் சொன்னதை இதழ் அச்சிட்டிருக்கும். அதை எடுத்து "கலப்படமே இல்லை என்கிறது நாளிதழ்" என்று போட்டால் அது பொய். நிருபர் தாமாக எழுதிய வரியை மட்டுமே இதழின் வரியாகக் காட்டலாம்.

செய்தியில் பிழை இருந்தால்? மூன்று செக்கை ஐந்து என்று எழுதியிருந்தால், பட்டியலிலேயே பக்கத்தில் "சரியான எண்ணிக்கை மூன்று" என்று குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நிருபரும் ஐந்து என்றே எழுதுவார்.

எல்லாம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

அறிமுகத்தின் கீழே தேதியையும், உடனே எடுக்கக்கூடிய ஒரு போன் எண்ணையும் போடுங்கள். பிறகு உங்கள் கடையை அறியாத ஒருவரிடம் தொகுப்பைக் கொடுத்து, ஐந்து வரியில் செய்தி எழுதச் சொல்லுங்கள். எதற்காக அவர் உங்களை அழைக்கிறாரோ, அது தொகுப்பில் இல்லை என்று அர்த்தம். அதைச் சேர்த்துவிட்டு, ஆட்களோ பொருள்களோ முகவரியோ மாறும்போதெல்லாம் திருத்தி வையுங்கள்.