விடைபெறும் கடிதம்: அன்பும் எல்லையும்

உளவியல் ஆலோசனை முடியும் நாளில் ஆலோசகர் மாணவரிடம் ஒரு கடிதம் கொடுப்பதுண்டு. இங்கிலாந்தில் மருத்துவர் ஆந்தனி ரைல் உருவாக்கிய சிகிச்சை முறையில் இதற்கு நிலையான இடம் உண்டு. அதில் பொதுவாக 16 அமர்வுகள். முடிவு எப்போது என்பது தொடக்கத்திலேயே சொல்லப்படும். இறுதிக் கட்டத்தில் ஆலோசகர் தம் கடிதத்தை வாசிப்பார். வந்தவரும் விரும்பினால் ஒன்று எழுதி வரலாம். முன்பே யாரையாவது இழந்தவருக்கு, சொல்லாமல் முடியும் உறவு பழைய காயத்தையே கிளறும். எனவே பிரிவை மறைக்காமல் பேசி முடிக்கிறார்கள்.

தந்தையை இழந்தபின் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டுச் சந்திப்புகளுக்குப் பின் அவளுக்கான கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள மாணவிக்கு,

நாம் எட்டு முறை சந்தித்தோம். முதல் நாள் நீ சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஐந்தாம் முறை, நீயாகவே பேச்சைத் தொடங்கினாய். அந்த முயற்சி உன்னுடையது. சில நாள்கள் மறுபடியும் கனமாக இருக்கலாம். அதனால் இதுவரை செய்தது வீணாகிவிடாது. அப்போது நீ எழுதிவைத்த மூன்று பெயர்களில் ஒருவரிடம் பேசு. வெளியில் எங்காவது பார்த்தால் நானாக முதலில் பேசமாட்டேன். நீ சிரித்தால் நானும் சிரிப்பேன். உன்னோடு பேசியதில் எனக்கு மகிழ்ச்சி. இன்றுடன் நம் சந்திப்புகள் நிறைவடைகின்றன."

இதில் தந்தையின் மறைவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதம் புத்தகப்பையில் இருக்கும். தோழியோ உறவினரோ எடுத்துப் படிக்கலாம். 'வெளியில் பார்த்தால்' என்ற வரி, வன்னியம்பட்டி போன்ற ஊர்களுக்கு மிகத் தேவை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போகும் பேருந்தில் இருவரும் எதிரெதிரே நிற்க நேரலாம். ஆலோசகர் நலம் விசாரித்தால், அவள் ஆலோசனைக்குச் சென்றது பேருந்துக்கே தெரிந்துவிடும். பேசாமல் போனாலோ, காரணம் தெரியாத அவள் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்வாள்.

'எப்போது வேண்டுமானாலும் என் எண்ணுக்குக் கூப்பிடு' என்பது கேட்க இதமாக இருக்கும். ஒருநாள் அழைப்பை எடுக்க முடியாதபோது அது ஏமாற்றமாகும். 'நீ இல்லாமல் எனக்கு வருத்தம்' என்று எழுதினால், ஆலோசகரைத் தேற்றும் பொறுப்பு குழந்தைமீது விழும். எழுதியபின் ஒவ்வொரு வரியும் யாருடைய தேவைக்காக என்று கேட்டால் இத்தகைய வரிகள் பிடிபடும். தனி எண்ணுக்குப் பதிலாக 14417 அல்லது 14416 உதவி எண்ணைக் குறிப்பிடலாம்.

கடிதத்தைக் கையில் திணிக்காமல் சேர்ந்து வாசிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்வதா, ஆலோசகரிடமே விடுவதா என்பதை மாணவி தீர்மானிக்கட்டும். கடைசிச் சந்திப்பில் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ பாலியல் கொடுமையோ வெளிப்பட்டால் கடிதம் காத்திருக்க வேண்டும். பாதுகாப்பே முதல் வேலை. பாலியல் கொடுமையைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம்.

வகுப்பாசிரியர்களாகிய நாம் அக்கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கக் கூடாது. அவள் எழுதிவைத்த மூன்று பெயர்களில் நம் பெயரும் இருக்கலாம். அவள் வந்து பேசும்போது கேட்டால் போதும்.