இரண்டு இலக்கம் இடம் மாறியபோது

சில ஆண்டுகளுக்கு முன் என் தோழி ஒருத்தி வாடகை வீட்டுக்கு முன்பணமாக 40,000 ரூபாயை நெஃப்ட் வழியாக அனுப்பினாள். கணக்கு எண்ணில் 47 என்பது 74 ஆகிவிட்டது. வீட்டுக்காரர் பெயரைச் சரியாகத்தான் தட்டியிருந்தாள். "பேரு ஒத்துப்போகலைன்னா பேங்க்கே நிறுத்திடும்னு நெனச்சேன்டி" என்று அழுதாள்.

வங்கி நிறுத்தாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே பணம் வரவு வைக்கப்படுகிறது. எண் சரியா என்று பார்ப்பது அனுப்புகிறவர் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அப்படியொரு கணக்கே இல்லையென்றால் கவலையில்லை, பணம் தானாகத் திரும்பிவிடும். அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால்தான் சிக்கல்.

தோழி அன்றே தன் கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்தாள். தேதி, தொகை, பரிவர்த்தனைக்கான யூடிஆர் எண், தவறான எண், சரியான எண் எல்லாம் அதில் இருந்தன. வாடகை ஒப்பந்த நகலையும் இணைத்து, கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய வங்கி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பியது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் பெயரையோ முகவரியையோ அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவருடைய சம்மதம் இல்லாமல் பணத்தைத் திருப்பி எடுக்கவும் வங்கிகள் முன்வருவதில்லை. அவரோ கைபேசி எண்ணை மாற்றியிருந்தார். கடிதம் போய், அவர் கிளைக்கு வந்து கையெழுத்துப் போட மூன்று வாரம் ஆனது. நல்ல மனிதர், பணம் முழுதாக வந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அந்தக் கணக்கில் கடன் தவணை நிலுவை இருந்தால், வந்த பணத்தைத் தவணை விழுங்கிவிடும். அவர் மறுத்தால், வக்கீல் நோட்டீஸ் அனுப்பி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில் சொல்கிறது. தெரிந்தே அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்பதால் காவல்துறையிலும் புகார் தரலாம். உங்கள் வங்கியே கடிதத்துக்கு 30 நாள் பதில் தராமல் இருந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாக முறையிடலாம்.

2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும் முன், எண்ணுக்குரியவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது விதி. என் தோழிக்கு அன்று அது இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் கணக்கில் யாருடையதோ பணம் வந்தாலும், போனில் கேட்கிறவருக்கு நீங்களாக அனுப்பிவிடாதீர்கள். அதில் மோசடி உண்டு. நேராக உங்கள் கிளைக்குப் போய், வந்த வழியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.