குளிர்பெட்டி கருகினால்: மின்வாரியத்துக்கு இழப்பீட்டுக் கடிதம்

தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், கடைக்கு வரவேண்டிய 230 வோல்ட் 400 வோல்ட்டை நெருங்கிவிடலாம். அதில் குளிர்பெட்டியின் கம்ப்ரசரும் கட்டுப்பாட்டுப் பலகையும் பழுதாகலாம்.

இழப்பீடு கேட்கும் கடிதம் பகுதி உதவிப் பொறியாளருக்கு எழுதப்படுகிறது. மின் இணைப்பு எண், சம்பவ நாள், நேரம், புகார் எண் ஆகியவை தொடக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கடிதத்தின் உயிர்நாடி, கோளாறு கடையின் ஒயரிங்கில் இல்லை, வாரியத்தின் கம்பியில்தான் என்று காட்டுவது. அதே வேளையில் பக்கத்துக் கடைகளிலும் விளக்கு, மின்விசிறி கருகியிருந்தால் அதுவே வலுவான சான்று. லைன்மேன் வந்து நியூட்ரலைச் சரிசெய்ததையும் குறிப்பிடலாம்.

தொகையைப் பிரித்துக் காட்டுவது நல்லது. உதாரணமாக, இரண்டு கம்ப்ரசர் மாற்ற 18,000 ரூபாய், கெட்டுப்போன பால், ஐஸ்கிரீம் 7,500 ரூபாய், மொத்தம் 25,500 ரூபாய். இவற்றுக்கு மெக்கானிக் சான்று, கொள்முதல் பில், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். பழைய பெட்டிக்குப் புதிய பெட்டியின் விலையைக் கேட்டால் தேய்மானம் கழிக்கப்படும். பழுதான பாகங்களை ஆய்வு முடியும்வரை கழிவுக்குப் போடக்கூடாது.

பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லையெனில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.