ஆறு வரி, ஐந்து குறி: ஒரு எஃப்.பி.சி. ரிப்போர்ட்டை வாசித்தல்

எம்பிலிப்பிட்டிய டவுனில் காலையில் இரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். டாக்டரைப் பார்ப்பது மறுநாளாக இருக்கும். றக்குவானை, கொலன்ன பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸிலேயே உறையைப் பிரித்து, ஆங்கிலத்தில் உள்ள அந்தத் தாளில் தடித்த எழுத்தில் எங்கெங்கே H, L என்று விழுந்திருக்கிறது என்று தேடுவார்கள். H என்றால் கூட, L என்றால் குறைய. அதற்கு மேல் ஒன்றும் விளங்காது. அன்று இரவு லயத்தில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 24 வயதுப் பெண், கொழுந்து எடுக்கிறவர். காய்ச்சல் இல்லை, களைப்பு இல்லை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் இரத்தம் பார்த்துவிடுங்கள் என்று மிட்வைஃப் அம்மா சொன்னதால் எஃப்.பி.சி. எடுத்தார். தாளில் இருபதுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். நமக்கு வேண்டிய ஆறு இவை:

```
WBC    6.8         4.0 - 10.0
LYM%   19.2   L    20.0 - 40.0
RBC    5.72   H    3.50 - 5.00
HGB    11.8   L    12.0 - 15.0
MCV    66     L    80 - 100
PLT    94     L    150 - 400
```

முதல் நிரலில் சோதனையின் பெயர், அடுத்ததில் இவருடைய அளவு, பிறகு குறி, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கும் எல்லை. ஆறு வரியில் ஐந்து குறி. பார்த்த உடனே பயம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஐந்தும் ஒரே மாதிரியான குறிகள் அல்ல. ஒவ்வொன்றும் விழுந்த காரணம் வேறு.

கடைசி நிரலில் இருந்து தொடங்குவோம். அந்த எல்லை எப்படி வந்தது? நோயில்லாத ஆட்களைக் கூட்டி, குறைந்தது 120 பேரிடமாவது இரத்தம் எடுத்து, கிடைத்த அளவுகளைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துவார்கள். அடியில் நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் மேலே இரண்டரைப் பேரையும் வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சும் 95 பேருக்குள் எல்லையைப் போடுவார்கள். வெட்டப்பட்ட ஐந்து பேரும் சுகமாக இருந்தவர்கள்தான். அதாவது இருபது சுகதேகிகளில் ஒருவருக்குக் குறி விழும்படியாகவே இந்த எல்லை போடப்படுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஒரு சுகதேகிக்குச் செய்தால், எல்லாம் எல்லைக்குள் வருவதற்கு நூற்றுக்கு 36 பங்குதான் வாய்ப்பு. மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு வரியில் H அல்லது L இருக்கும்.

LYM% வரியில் உள்ள L இந்த வகை. லிம்ஃபோசைட் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு இனம். 20 இருக்க வேண்டிய இடத்தில் 19.2 இருக்கிறது. இது வெறும் விகிதம் என்பதையும் மறக்கக் கூடாது. வேறொரு இன வெள்ளை அணு கொஞ்சம் கூடினால் இதன் பங்கு தானாகக் குறைந்து தெரியும். அதனால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மொத்த வெள்ளை அணு 6.8, அதில் 19.2 சதவீதம் என்றால் 1.3. எண்ணிக்கையை LYM# என்ற வரியில் தனியாகவே அச்சிடுவார்கள். இந்த மெஷினில் அதன் எல்லை 0.8 முதல் 4.0 வரை. அங்கே குறி இல்லை. இந்த L-ஐ இதோடு விட்டுவிடலாம்.

HGB, அதாவது ஹீமோகுளோபின், 12.0க்குப் பதில் 11.8. இந்த 0.2 வித்தியாசத்தைத் தனியாக வைத்து எதையும் சொல்ல முடியாது. படுத்திருந்து இரத்தம் கொடுத்ததற்கும், நெடுநேரம் நின்றுவிட்டுக் கொடுத்ததற்கும் இடையிலேயே இதைவிடக் கூடுதலாக மாறும். நிற்கும்போது இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி கொஞ்சம் நாளத்தைவிட்டு வெளியேறுவதால் மிச்சம் தடிப்பாகிறது. ஆனாலும் இந்த 11.8-ஐ ஒதுக்கிவிடாமல் கையில் வைத்துக்கொள்வோம். MCV வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது இதற்கு வேலை இருக்கிறது.

பயமுறுத்தும் வரி PLT. டெங்கு ஆண்டுதோறும் வந்து போகும் நாட்டில் பிளேட்லெட் என்ற சொல்லைத் தெரியாதவர் இல்லை. 94 என்றால் 94,000. இருக்க வேண்டியது 150,000க்கு மேல். ஆனால் இவருக்குக் காய்ச்சல் இல்லை, முரசில் இரத்தம் வரவில்லை, தோலில் சிவப்புப் புள்ளிகள் இல்லை. ஆளுக்கும் எண்ணுக்கும் பொருந்தாதபோது முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயை.

எஃப்.பி.சி.க்கு ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அதில் இ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு, அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். இது உடம்புக்குள் நடப்பதில்லை, குழாய்க்குள் மட்டும் நடக்கிறது. நேரம் போகப் போக ஒட்டுவது கூடும். மெஷின் அணுக்களைப் பருமனை வைத்தே எண்ணுகிறது. இருபது பிளேட்லெட் சேர்ந்த ஒரு கொத்தை அது பிளேட்லெட்டாக எண்ணாது. சில நேரம் அதை வெள்ளை அணு என்றுகூட எண்ணிவிடும். நாளம் கிடைக்காமல் குத்திக் குத்தி மெதுவாக எடுத்தாலும், எடுத்த பின் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்காமல் விட்டாலும், சிறு உறைவு விழுந்து இதே மாதிரிப் பொய்க் குறைவு வரும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்துகள் தெரியும். பிறகு நீல மூடிக் குழாயில், சிட்ரேட் மருந்தில், மறுபடி இரத்தம் எடுக்கலாம். அந்தக் குழாயில் மருந்து நீர்மமாக இருப்பதால் இரத்தம் கொஞ்சம் ஐதாகும். அதைச் சரிக்கட்ட, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். நம் உதாரணத்தில் நீல மூடிக் குழாயில் 210 வந்தது என்று வைத்துக்கொண்டால், 1.1 ஆல் பெருக்க 231. பிளேட்லெட் நன்றாகவே இருக்கிறது.

இதே 94 காய்ச்சலின் நான்காம் நாளில் வந்திருந்தால் கதை வேறு. நேற்று 160, இன்று 94, அதோடு HCT என்ற வரியும் ஏறிக்கொண்டே போகிறது என்றால், இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளத்தைவிட்டுக் கசிகிறது என்று பொருள். அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம். அப்போது குழாயைச் சந்தேகித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

இனி மிஞ்சியவை RBC, MCV. இவை இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். MCV என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 இருக்க வேண்டியது 66 என்றால் அணுக்கள் நன்றாகச் சிறுத்திருக்கின்றன. இது குழாயின் பிழையும் இல்லை, எல்லையோரத்துச் சறுக்கலும் இல்லை, உண்மையான குறைவு. சிறுத்த அணுவைப் பார்த்ததும் பலரும் இரும்புச் சத்துக் குறைவு என்று முடிவுகட்டி மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் பார்க்க மறந்தது RBC வரியில் உள்ள H. இரும்பு போதாமல் இருந்தால் உடம்பால் அணுக்களைச் சின்னதாகவும் கொஞ்சமாகவும்தான் செய்ய முடியும். இவருக்கோ அணுக்கள் சின்னவை, ஆனால் எண்ணிக்கை கூட. ஹீமோகுளோபினும் அதிகம் இறங்காமல் 11.8இல் நிற்கிறது. சிறுத்த அணுக்களை நிறையச் செய்து உடம்பு ஈடுகட்டிக்கொள்கிறது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. MCV-ஐ RBC-ஆல் வகுக்க வேண்டும். 66ஐ 5.72ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கமும், 13க்குக் கீழ் வந்தால் தலசீமியா கேரியர் என்ற பக்கமும் சாய்கிறது. இது சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்டும் கணக்கு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள் வேண்டும். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒன்று, ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. மற்றொன்று. இவருக்கு ஃபெரிட்டின் போதிய அளவு இருந்தது. எச்.பி.எல்.சி.யில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.2 சதவீதம் வந்தது. 3.5க்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று கொள்வார்கள்.

கேரியர் என்பது நோயாளி அல்ல. தாய் தகப்பனிடமிருந்து வந்த இரண்டு ஜீன்களில் ஒன்று மட்டும் பழுது. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே MCV இப்படிக் குறைவாகத்தான் இருந்திருக்கும், இனியும் இப்படித்தான் இருக்கும். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குவதற்கு அது தடையாக இருந்ததில்லை. மருந்து தேவையில்லை. ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது இரும்பு மாத்திரை விழுங்கியும் MCV ஏறாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கக்கூடும் என்பதால், தான் கேரியர் என்று கிளினிக்கில் சொல்லிவைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். எல்லா எல்லைகளும் சுகதேகிகளை வரிசைப்படுத்திப் போட்டவை அல்ல. வெறும் வயிற்றில் பார்க்கும் சீனிக்கு 126 என்ற கோடு, அதற்கு மேல் போனால் நீரிழிவு என்று முடிவெடுப்பதற்காகப் போட்ட கோடு. அங்கே இருபதில் ஒருவர் என்ற சமாதானம் செல்லாது. குறி விழாத எண்ணும் சில நேரம் பேசும். போன வருடம் ஹீமோகுளோபின் 14.8 இருந்த ஒரு பெண்ணுக்கு இந்த வருடம் 12.3 என்றால் மெஷின் ஒன்றும் எழுதாது. ஆனால் இரண்டரை எங்கே போனது என்று டாக்டர் கேட்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாமல் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இனி நம் உதாரணப் பெண்ணின் தாளில் பதில் கிடைக்காத ஒரே கேள்விக்கு வருவோம். MCV 66 அவருக்குக் கெடுதல் இல்லை. பிள்ளைக்கு? கட்டிக்கொள்ளப் போகிறவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் தலசீமியா வரலாம். அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி இரத்தம் ஏற்றி வாழ்கிறவர்களுக்காகவே குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது. மாப்பிள்ளை கேரியர் இல்லை, வேறு கோளாறான ஹீமோகுளோபினும் அவருக்கு இல்லை என்றால் பிள்ளைகளில் யாருக்கும் கடும் தலசீமியா வராது. கூடிப்போனால் தாயைப் போலச் சின்ன அணுக்களோடு இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆக, அந்த வரிக்கான பதில் மாப்பிள்ளையின் தாளில் இருந்தது. அவருக்கு MCV 87, ஏ2 2.7 சதவீதம். எச்.பி.எல்.சி.யில் வேறு எந்தக் கோளாறான ஹீமோகுளோபினும் இல்லை. பெண்ணின் ரிப்போர்ட்டில் MCV வரியின் L அப்படியேதான் இருக்கிறது. அடுத்த முறை எடுத்தாலும் இருக்கும்.