எட்டேகாலை 8.15 என்று கழிக்கலாமா?

மாணவர்களே, முதலில் ஒரு கணக்கு. காலை எட்டேகால் மணிக்குப் புறப்பட்ட பேருந்து, 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரைப் பத்தரை மணிக்குச் சென்றடைகிறது. அதன் சராசரி வேகம் என்ன?

என் படிவம் இரண்டு வகுப்பில் இதைக் கொடுத்தபோது பலருக்கு மணிக்கு 83.7 கிலோமீட்டர் என்று விடை வந்தது. சூத்திரத்தில் தவறில்லை. கணிப்பானில் 10.30 − 8.15 என்று தட்டியிருக்கிறார்கள், 2.15 கிடைத்தது, 180ஐ அதனால் வகுத்துவிட்டார்கள். கேள்வியைத் தமிழில் வாய்விட்டுப் படித்து, கேட்டபடியே எழுதியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

ஏன் என்று பார்ப்போம். ‘எட்டேகால்’ என்ற சொல்லைப் பிரித்தால் எட்டு, ஏ, கால். கால் என்பது நான்கில் ஒரு பங்கு. நடுவில் நிற்கும் ஏகாரம் கூட்டல் குறியின் வேலையைச் செய்கிறது. ஆக எட்டேகால் என்பது 8 + ¼, அதாவது 8¼ மணி. அது ஒரு கலப்புப் பின்னம். ‘முக்கால்’ என்பதில் இந்த ஏகாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே மூன்றும் காலும் பெருக்கப்படுகின்றன: 3 × ¼ = ¾. அதனால்தான் மூன்றேகாலும் முக்காலும் நமக்குக் குழம்புவதில்லை. மலாயில் ‘தீகா சூக்கு’ என்றால் மணி 3:15 ஆகவும் இருக்கலாம், நான்கில் மூன்று பங்காகவும் இருக்கலாம். இடத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அரை மட்டும் கொஞ்சம் வேறு. அது உயிரெழுத்தில் தொடங்குவதால் ஏகாரத்தின் துணையில்லாமலே எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது: பத்து + அரை = பத்தரை. இங்கும் பொருள் கூட்டல்தான், 10½.

இப்போது பேருந்துக் கணக்கைப் பேச்சில் உள்ளபடியே எழுதுங்கள். 10½ − 8¼ = 2¼ மணி நேரம். தசமத்தில் 2.25. 180ஐ 2.25ஆல் வகுத்தால் மணிக்குச் சரியாக 80 கிலோமீட்டர்.

மின்னியல் கடிகாரத்தில் தெரியும் 8:15இல் உள்ள 15, அறுபதில் பதினைந்து. தசமத்தில் 8.15 என்று எழுதினால் அது நூறில் பதினைந்தாகிவிடும். தவறு இங்கேதான் நுழைகிறது. 2.15 பார்ப்பதற்கு நல்ல விடைபோலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பேருந்து எட்டேமுக்காலுக்குப் புறப்பட்டுப் பத்தேகாலுக்குச் சேர்ந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். 10.15 − 8.45 = 1.70. ஒரு மணி எழுபது நிமிடம் என்று யாராவது சொல்வார்களா? பின்னமாக எழுதினால் 10¼ − 8¾ = 1½, ஒன்றரை மணி நேரம்.

எட்டேமுக்காலை ஆங்கிலத்தில் ‘குவார்ட்டர் டு நைன்’ என்பார்கள். அடுத்து வரும் ஒன்பதிலிருந்து பின்னோக்கி எண்ணும் முறை அது. தமிழில் கடந்துபோன எட்டின் மேல் முக்காலைக் கூட்டுகிறோம். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் சொல்லும் சிலர் 8:45ஐ ‘ஒன்பதேகால்’ என்று சொல்லி, அரை மணி நேரம் தாமதமாக வந்து நிற்பதுண்டு.

இந்த முறை தடுமாறும் ஓர் இடம் பன்னிரண்டு. நண்பகல் பன்னிரண்டேமுக்கால் முதல் இரண்டேகால் வரை எவ்வளவு நேரம்? 2¼இலிருந்து 12¾ஐக் கழிக்க முடியாது. கடிகாரத்தில் பன்னிரண்டு சுழியத்தின் இடத்தில் நிற்பதே காரணம். இரண்டேகாலோடு 12ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 14¼ − 12¾ = 1½ மணி நேரம். நண்பகலுக்குப் பின் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் நாம் ‘அரை’ என்று சொல்லாமல் ‘பன்னிரண்டரை’ என்பதும் இதே காரணத்தால்தான்.

தமிழில் காலைவிடச் சிறிய பின்னங்களும் உண்டு. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. ஆனால் எட்டேஅரைக்காலுக்கு வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. 60ஐ நான்காக வகுத்தால் 15 வருகிறது. நிமிட முள் 3, 6, 9 ஆகிய எண்களின் மேல் சரியாக நிற்கும். எட்டாக வகுத்தால் ஏழரை நிமிடம். முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும். மற்ற நேரங்களுக்கு ‘எட்டு இருபது’ என்று நிமிடத்தையே சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. வீட்டில் எட்டேகால் என்று சொல்லும்போது கடிகாரம் 8:13ஆகவோ 8:17ஆகவோ இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிய நேரத்தைக் குறிக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. அங்கே கடிகாரம் காட்டும் மணியையும் நிமிடத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு, கழிப்பதற்கு முன் நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பின்னமாக்குங்கள். 8:17 என்றால் 8 + 17/60.