பில்லில் கொத்தமல்லி ஏன் வருவதில்லை?

மளிகைக் கடையின் கம்ப்யூட்டர் திரையில் ‘கொத்தமல்லி’ என்று ஒழுங்காகத்தான் தெரிகிறது. பில் அடித்தால் ‘α«òα»è’ என்று தொடங்கி ஏதோ வருகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைப்போம். அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

ரசீது அடிக்கும் தெர்மல் பிரிண்டர்களில் எழுத்துகள் உள்ளேயே பதிந்திருக்கும். பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகள் கிடையாது. வரும் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக அடிக்கும். UTF-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அதனால்தான் ‘α«’, ‘α»’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பார்த்தால் தமிழ் பிரிண்டர் வரை பத்திரமாக வந்துவிட்டது என்று பொருள். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால், பெரும்பாலும் வழியிலேயே மென்பொருள் அதைத் தொலைத்துவிட்டது.

தமிழ் எழுத்துகளைப் பிரிண்டரில் ஏற்றினாலும் தீராது. ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். அந்த வேலையைக் கம்ப்யூட்டரோ செல்போனோதான் செய்யும். ஆகவே பொருளின் பெயரை அங்கேயே வரைந்து, கறுப்பு வெள்ளைப் படமாக `GS v 0` கட்டளையில் அனுப்புவதே நம்பகமான வழி. 80 மி.மீ. தாளில் வழக்கமாகக் குறுக்கே 576 புள்ளிகள். 32 புள்ளி உயரமுள்ள ஒரு வரிக்கு 2,304 பைட் ஆகும். எழுத்தாக அனுப்பினால் 48 போதும். புளூடூத் பிரிண்டர்கள் இங்கேதான் திணறும், பாதியில் குப்பை அடிக்கும். பில் முழுவதையும் ஒரே படமாக்காமல், வரி வரியாக அனுப்பினால் தப்பிக்கலாம்.

அடுத்த சிக்கல் விலைப் பத்தி. பழைய பில்லிங் மென்பொருள் எழுத்தை எண்ணி இடைவெளி விடும். கொத்தமல்லி நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறி. ஏழு குறியோடு பெயரை வெட்டினால் புள்ளி விழுந்து ‘கொத்தமல’ ஆகிவிடும். விலையை வலது ஓரத்திலிருந்து புள்ளிக் கணக்கில் வைப்பதுதான் முறை.

பி.டி.எஃப். இன்வாய்ஸிலும் இதே கதை. எழுத்துருவைக் கோப்பிலேயே பொதிந்திருந்தாலும், எழுத்தைக் கோக்கும் பகுதி இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். பைத்தானின் fpdf2-வில், uharfbuzz நிறுவியபின் இந்த ஒரு வரி வேண்டும்:

```
pdf.set_text_shaping(True)
```

பில்லிங் மென்பொருள் வாங்குமுன் உங்கள் கடை பிரிண்டரிலேயே கொத்தமல்லி, கேழ்வரகு, சௌசௌ மூன்றையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.