ஜப்பான் பிரமிடில் ஒரு வெட்டு

ஜப்பானின் 2020 மக்கள்தொகைப் பிரமிடை ஒரு வயதுக்கு ஒரு பட்டை என்று வரைந்தால், 54 வயதுக்கு நேரே பட்டை சட்டென்று குட்டையாகியிருக்கும். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். வெட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இத்தகைய வெட்டைப் பார்த்ததும் ‘போர்’ என்று எழுதிவிடக் கூடாது. போரில் பெரும்பாலும் ஆண்கள்தான் சாவார்கள். வேலை தேடி வெளிநாடு போவதிலும் பல நாடுகளில் ஆண்களே அதிகம். அப்படியானால் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். இரு பக்கமும் சமமாகக் குறைந்திருந்தால், முதலில் பிறப்பைச் சந்தேகிக்க வேண்டும். 2020-இலிருந்து 54-ஐக் கழித்தால் 1966. நம் பிரபவ, விபவ வரிசையைப் போல ஜப்பானியருக்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. அதில் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது நம்பிக்கை. 1965-இல் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்பு, 1966-இல் 13.6 லட்சமாகச் சரிந்து, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தைந்து வயதாகத் தொகுத்து வரைந்தால், 50–54 பட்டைக்குள் இந்த வெட்டு கரைந்துவிடும்.

அதே பிரமிடில் இரண்டு புடைப்புகளும் உண்டு. மேலே உள்ளது, போர் முடிந்து 1947–49-இல் பிறந்தவர்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 27 லட்சம் பேர். கீழே உள்ளது, 1971–74-இல் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள். இடையே உள்ள ஒடுக்கம்தான் மக்கள்தொகை நிலைமாற்றத்தின் மூன்றாம் கட்டம். முதல் கட்டத்தில் பிறப்பு, இறப்பு இரண்டுமே அதிகம். இரண்டாவதில் இறப்பு குறைகிறது. மூன்றாவதில் பிறப்பும் குறைகிறது. நான்காவதில் இரண்டும் தாழ்ந்து நிற்கின்றன. 1947-இல் ஆயிரத்துக்கு 34 ஆக இருந்த ஜப்பானின் பிறப்பு விகிதம், 1957-இல் 17 ஆகிவிட்டது. 1948-இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானதும் இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது புடைப்பு வரவே இல்லை. 1971–74-இல் பிறந்தவர்கள் மணமாகும் வயதை எட்டியபோது பலர் மணத்தைத் தள்ளிப்போட்டார்கள், பிள்ளைகளும் குறைவாகவே பிறந்தன. 2007 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பே அதிகம். சிலர் இதை ஐந்தாம் கட்டம் என்பார்கள்.

கட்டத்தைத் தீர்மானிக்க இறப்பு விகிதத்தை மட்டும் நம்பினால் விடை தவறிவிடும். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால் இன்று ஜப்பான் இந்தியாவை மிஞ்சும். ஆனால் அங்கே ஆயுள் நீளம். முதியோர் மிகுந்திருப்பதால்தான் சாவு எண்ணிக்கை கூடுகிறது. இரண்டாம் கட்டத்து நாடு என்றால் அடிப்பட்டை அகன்றிருக்கும். ஜப்பானுக்கோ அது ஒடுங்கியிருக்கிறது. விகிதத்தையும் பிரமிடையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.